“குரூப் 4 எழுது” என்று விடாமல் சொல்லும் தாய்மாமனுக்கு என்ன பதில் சொல்வது?

எனக்கு 29 வயது. ஊர் பாப்பாரப்பட்டி பக்கம். டிப்ளமோ முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். போன வருடம் அதை விட்டுவிட்டு, சொந்த நிலத்தில் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறேன். ஓரளவு போகிறது. அம்மாவின் அண்ணன் வருவாய்த் துறையில் இருந்து ரிட்டயர் ஆனவர். பார்க்கும்போதெல்லாம் “படிச்சவன் புழு வளக்கறதா, குரூப் 4 எழுது” என்கிறார். வாட்ஸ்அப்பில் அறிவிப்பு அனுப்புகிறார். விசேஷ வீடுகளில் எல்லார் முன்னாலும் சொல்கிறார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு, சண்டை வேண்டாம். ஆனால் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. என்ன பதில் சொன்னால் இது நிற்கும்?

*

இதுவரை அவருக்கு என்ன பதில் சொல்லி வந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அநேகமாக அது “சரிங்க மாமா, பாக்கறன்” என்பதாகத்தான் இருக்கும். நம் பக்கத்தில் பெரியவர்களிடம் பேச்சை முடிக்க எல்லோரும் சொல்வது அதுதான். உங்கள் சிக்கலில் பாதி அந்த வார்த்தையில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தருமபுரியில் ஒரு கல்லூரியில் வேலைவாய்ப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பையன்களோடும் பெண்களோடும் அப்பா அம்மா வருவதைவிட மாமா, பெரியப்பா, சித்தப்பா வருவது அதிகம். அவர்கள் பக்கத்துக் கதையையும் கேட்டவன் என்பதால் சொல்கிறேன். “பாக்கறன்” என்று நீங்கள் சொன்னதும் உங்கள் மனதில் பேச்சு முடிந்துவிடுகிறது. அவர் மனதில் அது ஒரு ஒப்புதலாகப் பதிவாகிறது. வீட்டுக்குப் போய் மாமியிடம் “எழுதறன்னு சொல்லிட்டான்” என்றுகூடச் சொல்லியிருப்பார். அடுத்த அறிவிப்பு வந்ததும் உங்களுக்கு அனுப்புவது அவருக்குத் தொந்தரவாகத் தெரியாது. ஒத்துக்கொண்டவனுக்கு ஞாபகப்படுத்துவதாகத்தான் தெரியும்.

உங்கள் விஷயத்திலும் இதுதான் நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அவர் கேட்கும் கேள்வியைக் கவனியுங்கள். “குரூப் 4 எழுதலாமே” என்று கேட்டால் அவர் இன்னும் அறிவுரைதான் சொல்கிறார். “அப்ளை பண்ணிட்டியா, புக்கு வாங்கிட்டியா, எந்தக் கோச்சிங்?” என்று கேட்க ஆரம்பித்திருந்தால், உங்களிடமிருந்து வாக்கு வந்துவிட்டதாக நினைக்கிறார். இரண்டாவது நிலைமை என்றால் முதலில் அந்தப் பழைய “சரி”யை வாபஸ் வாங்க வேண்டும். அதைச் செய்யாமல் வேறு எந்தப் பதில் சொன்னாலும், சொன்ன சொல் மாறுகிறவன் என்ற பெயர்தான் மிஞ்சும்.

அடுத்தது, அவரோடு வாதாடுவது. படித்த பிள்ளைகள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். கையில் கணக்கும் இருக்கிறது: 2025 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு அறிவிப்பில் இருந்த இடங்கள் 3,935. எழுதியவர்கள் 11 லட்சத்துக்கும் மேல். ஓர் இடத்துக்கு ஏறக்குறைய 280 பேர். இதை மாமா முன்னால் வைத்தால் ஆடிப்போவார் என்று தோன்றும். ஆடமாட்டார். “அந்த 280-ல ஒருத்தனா நீ ஏன் இருக்கக் கூடாது?” என்பார். அதற்குப் பதில் கிடையாது. நீங்கள் சொல்லும் ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் ஒரு மறுப்பு இருக்கும், ஏனென்றால் காரணம் சொல்கிறீர்கள் என்றாலே விஷயம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்று அர்த்தம். படிக்க நேரமில்லை என்றால் காலையில் நாலு மணிக்கு எழச் சொல்வார். வயதாகிவிட்டது என்றால் முப்பத்தைந்து வயதில் வேலை வாங்கிய ஒருவரைக் காட்டுவார். அப்படி ஒருவர் எல்லா ஊரிலும் இருக்கிறார்.

அதனால் அவர் சொல்வதை மறுக்காதீர்கள், அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று பாருங்கள். அரசு ஊழியராக இருந்து ஓய்வு பெற்ற மாமாக்களிடம் நான் பார்த்தவரை இரண்டு பயம்தான். ஒன்று பென்ஷன், மற்றொன்று கல்யாணம்.

பென்ஷனை முதலில் எடுத்துக்கொள்வோம். உங்கள் மாமா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் கிடையாது. 2004-ல்தான் பிரிந்தது. மொத்தமும் தருமபுரி மாவட்டம், பெரும்பாலும் மானாவாரி நிலம். மழை பொய்த்தால் கேழ்வரகும் இல்லை, நிலக்கடலையும் இல்லை, குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். அப்படிப் போன அண்ணன் தம்பிகள் அவருக்கே இருந்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் தாலுகா ஆபீசில் உட்கார்ந்தார் என்றால், அந்த வேலை அவருக்குச் சம்பளம் மட்டும் தரவில்லை. மழை பெய்யுமா என்று வானத்தைப் பார்க்கிற வாழ்க்கையிலிருந்தே அவரை வெளியே கொண்டுவந்தது. இப்போது தங்கச்சி மகன் கம்பெனிச் சம்பளத்தை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினால், தான் கஷ்டப்பட்டு ஏறி வந்த படியில் நீங்கள் இறங்குவதாக அவருக்குத் தெரிகிறது. “புழு வளக்கறதா” என்று கேட்பதில் இருக்கும் ஏளனத்தைவிட இந்தப் பயம் பெரியது.

இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவர்களுக்குத்தான் பழைய ஓய்வூதியத் திட்டம். அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. அதை எதிர்த்து நடந்த போராட்டங்கள் கொஞ்சநஞ்சமல்ல. உங்கள் மாமா இப்போது ரிட்டயர் ஆகியிருக்கிறார் என்றால் அவர் அநேகமாக முதல் கூட்டம். அவர் உங்களுக்குப் பரிந்துரைப்பது அவர் பார்த்த அரசு வேலையை. அது அவர் சேர்ந்த வருடத்தில் இருந்தது. ஆனால் இதையும் அவரிடம் சொல்லிக் காட்ட வேண்டாம். “உங்க காலம் வேற மாமா” என்ற வாக்கியத்தை எந்தப் பெரியவரும் நல்லபடியாக எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன். அவர் கேட்பது “நீ ஏன் அரசு வேலைக்குப் போகவில்லை” என்பதல்ல. “ஒரு பேட்ச் புழு போய்விட்டால் என்ன செய்வாய்?” என்பது. அந்தக் கேள்விக்குத்தான் நீங்கள் பதில் தயார் செய்ய வேண்டும்.

அது நியாயமான கேள்வியும்கூட. பால்புழு நோயோ சுண்ணாம்புக்கட்டி நோயோ ஷெட்டுக்குள் வந்தால், கூடு கட்ட ரெண்டு நாள் இருக்கும்போது மொத்தமும் போகும். இது உங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நம் மாவட்டத்தில் இதைப் பார்க்காத குடும்பம் குறைவு.

அதனால் அவரிடம் பேசுவதற்கு முன்னால் உட்கார்ந்து ஒரு கணக்கு எழுதுங்கள். உதாரணத்துக்கு நானே ஒன்று போடுகிறேன், உங்கள் எண்களை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு பேட்ச்சுக்கு 250 முட்டைத் தொகுதி, சாக்கி என்கிற இளம்புழுவாக வாங்குகிறீர்கள். நூறு தொகுதிக்கு 70 கிலோ என்றால் 175 கிலோ கூடு. கிலோ 500 ரூபாய்க்குப் போனால் 87,500. புழு, ஆள் கூலி, உரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் எல்லாம் போகக் கையில் 50,000 நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். மாமா “எவ்ளோ வருது?” என்று கேட்டதும் “மாசம் அம்பதாயிரம் மாமா” என்று வாயில் வந்துவிடும். நல்ல பேட்ச்சின் எண்ணை மாத வருமானமாகச் சொன்னால், அடுத்த பேட்ச் சொதப்பும்போது ஊரெல்லாம் அதைத்தான் பேசும். ஒன்பது மாதத்தில் ஆறு பேட்ச் எடுத்தீர்கள், ஐந்து தேறியது, ஒன்று நோயில் போய் 20,000 நஷ்டம் என்றால், இரண்டரை லட்சத்தில் இருபதாயிரம் கழித்து 2,30,000. ஒன்பதால் வகுத்தால் மாதம் ஏறக்குறைய 25,500. சொல்ல வேண்டிய எண் இதுதான். கேட்க அவ்வளவு கம்பீரமாக இருக்காது. ஆனால் கெட்டுப்போன பேட்ச்சையும் உள்ளே வைத்துச் சொன்ன எண் என்பதால், அடுத்த முறை ஒன்று கெட்டாலும் உங்கள் சொல் பொய்யாகாது. அவர் வருவாய்த் துறைக்காரர், கணக்கில் நஷ்டம் எழுதியிருப்பதைப் பார்த்தால்தான் மீதியை நம்புவார்.

இந்த எண்ணை அரசுச் சம்பளத்தோடு ஒப்பிடும் வேலை மட்டும் வேண்டாம். இளநிலை உதவியாளருக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 19,500 என்று நீங்கள் ஆரம்பித்தால், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, லீவு, பென்ஷன் என்று அவர் கூட்டிக்கொண்டே போவார். அந்தக் கூட்டலில் நாற்பது வருட அனுபவம் உள்ளவர் அவர். ஜெயிக்க மாட்டீர்கள்.

கணக்கோடு இன்னும் இரண்டு வரி எழுத வேண்டும். இரண்டு பேட்ச் தொடர்ந்து போனாலும் தாங்குகிற பணம் தனியாக இருக்கிறதா, எவ்வளவு? எந்தத் தேதி வரை பார்த்துவிட்டு, எந்த எண்ணுக்குக் கீழே போனால் வேறு முடிவு எடுப்பீர்கள்? உதாரணமாக, அடுத்த வருடம் தை முடியும்வரை, மாத சராசரி 18,000-க்குக் கீழே போனால் மறுபடி ஓசூர். இந்த இரண்டையும் எழுத முடியவில்லை என்றால் மாமாவிடம் போகாதீர்கள். உங்களுக்கே முடிவாகாத விஷயத்தைப் பெரியவர்கள் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு அறிவுரை இரட்டிப்பாகும்.

இனி எங்கே, எப்படிப் பேசுவது என்பது. மூன்று இடங்களில் அவர் இதை எடுக்கிறார்: வாட்ஸ்அப், விசேஷ வீடு, நேரில் தனியாக. மூன்றுக்கும் ஒரே பதில் வேலை செய்யாது.

வாட்ஸ்அப்பில் அவர் குடும்பக் குரூப்பில் அனுப்பினால் “பார்த்தேன் மாமா” என்று மட்டும் போடுங்கள். நன்றி வேண்டாம், கைகூப்பும் படமும் வேண்டாம். நன்றி சொன்னால் அடுத்த அறிவிப்புக்கும் அழைப்பு வைத்த மாதிரி ஆகும். பதிலே போடாமல் விட்டால் மதிப்பதில்லை என்று அம்மாவுக்குப் போன் வரும். தனியாக அனுப்பினாலும் இதே வரிதான். உண்மையான பேச்சை எழுத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். எழுத்தில் குரல் இருக்காது, அதை அவர் மற்றவர்களுக்குத் திருப்பி அனுப்பவும் முடியும்.

விசேஷ வீட்டில் அவர் பேசுவது உங்களிடம் மட்டுமல்ல. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பங்காளிகள், சம்பந்திகள் எல்லோரிடமும், தங்கச்சி பிள்ளைமேல் அக்கறை உள்ள தாய்மாமன் என்று காட்டிக்கொள்கிறார். நம் பழக்கத்தில் அவருக்கு அந்த இடம் உண்டு. காது குத்துக்கு மடியில் உட்கார வைத்தது முதல் நாளைக்கு உங்கள் கல்யாணத்தில் சீர் கொண்டுவருவது வரை அவர்தான். அத்தனை பேர் முன்னால் நீங்கள் நியாயமாகவே மறுத்தாலும், மறுத்தது என்ன என்பது யாருக்கும் நினைவிருக்காது. மாமனை எதிர்த்துப் பேசினான் என்பது மட்டும் கருமாதி வரைக்கும் இருக்கும். அங்கே சொல்ல வேண்டியது ஒன்றுதான்:

“மாமா, இதப் பத்தி உங்ககிட்ட உக்காந்து பேசணும்னு நானே நெனச்சிகிட்டிருந்தன். ஞாயித்துக்கிழமை வீட்டுல இருப்பீங்களா? வர்றன்.”

இதில் சரியும் இல்லை, மறுப்பும் இல்லை. கேட்பவர்கள் முன்னால் அவர் மரியாதை கூடுகிறது, அந்தப் பேச்சும் அங்கேயே நிற்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் போக வேண்டும். போகவில்லை என்றால் இதுவும் இன்னொரு “பாக்கறன்” ஆகிவிடும். புழு நாலாம் தூக்கம் எழுந்து இலை தின்கிற அந்த வாரத்தில் வாக்குக் கொடுக்காதீர்கள். அப்போது உங்களால் தோட்டத்தை விட்டு அசைய முடியாது. கூடு பிரித்து விற்று, ஷெட்டைக் கழுவிக் காயவிட்டிருக்கும் நாட்களில் ஒன்றைச் சொல்லுங்கள்.

போகும்போது தனியாகப் போங்கள். அம்மா வேண்டாம். அண்ணனுக்கும் மகனுக்கும் நடுவில் அம்மா உட்கார்ந்தால் பேச்சு உங்கள் தொழிலிலிருந்து அவர்கள் இருவரின் பழைய கணக்குகளுக்குப் போய்விடும். கடைசி சில விற்பனைச் சீட்டுகளையும் நீங்கள் எழுதிய தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

“மாமா, நீங்க குரூப் 4 எழுதச் சொன்னப்பல்லாம் நான் பாக்கறன்னு சொல்லிட்டன். அது தப்பா பட்டிருக்கும். நான் எழுதல மாமா. முடிவு பண்ணிட்டன். அத உங்ககிட்ட நேரா சொல்லணும்னுதான் வந்தன்.”

இதுதான் முதல் வாக்கியம், டீ வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அவருக்குக் கோபம் வரலாம். “அப்போ நான் என்ன முட்டாளா?” என்பார். காரணம் சொல்ல நாக்கு துடிக்கும், சொல்லாதீர்கள். “இல்லீங்க மாமா. ஒரு பேட்ச் போச்சுன்னா இவன் என்ன பண்ணுவான்னு நீங்க பயப்படறது எனக்குப் புரியுது. அதுக்கு நான் என்ன வச்சிருக்கன்னு காட்டறன், பாருங்க” என்று தாளை அவர் கையில் கொடுங்கள். நீங்கள் படித்துக் காட்ட வேண்டாம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கட்டும். அந்தச் சில நிமிடம் சும்மா இருப்பது கஷ்டம். ஆனால் அறிவுரை சொல்கிறவர் கணக்குப் பார்க்கிறவராக மாறுவது அப்போதுதான். எங்கேயாவது தவறு கண்டுபிடிப்பார். “அப்பா தோட்டத்துல செய்யற வேலைக்குக் கூலி போடலியே?” என்று கேட்கலாம். அது நல்ல கேள்வி, எழுதிக்கொள்ளுங்கள். வீட்டு ஆட்களின் உழைப்புக்குக் கூலி போடாமல் லாபம் காட்டுவது பட்டு வளர்ப்பில் எல்லோரும் செய்வது.

அதன் பிறகு தேதியைச் சொல்லுங்கள். “அடுத்த தை வரைக்கும் பாக்கறன் மாமா. சராசரி 18,000-க்குக் கீழ போச்சுன்னா நானே வந்து உங்ககிட்ட சொல்றன். அதுவரைக்கும் இந்தப் பேச்சு வேணாம்னு கேட்டுக்கறன்.” கடைசி வரியைப் பலர் முழுங்கிவிடுகிறார்கள். அதைச் சொன்னால்தான் மீதி எல்லாவற்றுக்கும் பயன் உண்டு. மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று தோன்றினால் குரலைத் தணித்துச் சொல்லுங்கள், வார்த்தையை மாற்றாதீர்கள். “கொஞ்சம் குறைச்சுக்கலாமே” என்றெல்லாம் இழுத்தால் திரும்ப அதே இடம்தான்.

ஒரே சந்திப்பில் நின்றுவிடாது. கொஞ்ச நாளில் ஏதாவது ஓர் அறிவிப்பு வரும், பழக்கத்தில் அனுப்புவார். அப்போது புதிய பதில் தேட வேண்டாம். “தை வரைக்கும்னு பேசிக்கிட்டம் மாமா” என்பதே எல்லா இடத்திலும் பதில். விசேஷ வீட்டில், போனில், வாட்ஸ்அப்பில் அதே வார்த்தைகள், அதே சிரித்த முகம். ஒவ்வொரு முறையும் வேறு மாதிரிச் சொன்னால் அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பேச்சு மறுபடி ஆரம்பமாகும். ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னால் பிடிக்க எதுவும் இருக்காது. மூன்று நான்கு முறை ஆனதும் அவரே சிரித்துக்கொண்டு “தை வரைக்கும்ல?” என்று கேட்பார். அங்கே வந்துவிட்டால் பாதி தீர்ந்தது.

கல்யாணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். உங்களுக்கு 29. ஜாதகம் கைமாறும்போது முதல் கேள்வி “மாப்பிள்ளை என்ன பண்றார்?” என்பதுதான். அந்தக் கேள்வியை நேராகச் சந்திப்பது நீங்களல்ல, உங்களுக்காக அலைகிற பெரியவர்கள். தோட்டம், பட்டு என்றதும் எதிர்த்தரப்பு ஜாதகத்தை மடித்து வைப்பதை மாமா பார்த்திருப்பார். அதை உங்களிடம் சொல்ல மனம் வராமல் குரூப் 4 என்று சொல்கிறாரோ என்னவோ. மாமா வீட்டில் பேசும்போது கணக்கெல்லாம் முடிந்தபின் கேட்டுப் பாருங்கள்: “பொண்ணு பாக்கறதுல இது தடையா இருக்கா மாமா?” ஆமாம் என்றால், அதுதான் உண்மையான பேச்சு, குரூப் 4 அல்ல. அதில் அவருக்கு ஒரு வேலையும் கொடுக்க முடியும். நிலம் எவ்வளவு, போர் தண்ணி எப்படி, வருட வருமானம் எவ்வளவு என்று எதிர்த்தரப்பிடம் சரியான வார்த்தையில் சொல்ல அவரைவிடப் பொருத்தமான ஆள் உங்கள் குடும்பத்தில் இல்லை. ரிட்டயர் ஆன வருவாய்த் துறைக்காரர் “நானே கணக்குப் பாத்தன்” என்று சொன்னால் அதற்கு எடை உண்டு.

அவருக்கே பெண் இருக்கிறதா என்றும் நீங்கள் எழுதவில்லை. இருந்தால், இந்த அறிவுரை வேறு ஒரு விசாரணையின் முன்னுரையாகவும் இருக்கலாம்! அப்படி என்றால் நான் சொன்ன தனிச் சந்திப்பு போதாது. அம்மா அப்பாவோடு முதலில் பேசிவிட்டு, அந்த விஷயத்தைத் தனியாகப் பிரித்து வையுங்கள். இரண்டையும் ஒரே பேச்சில் கலந்தால் தொழில் பற்றிய “இல்லை” பெண்ணைப் பற்றிய “இல்லை”யாகக் கேட்கும்.

இது எல்லாம் பொருந்தாத ஒரு நிலைமையும் உண்டு. ஷெட் போட அவர் பணம் கொடுத்திருந்தாலோ, வங்கிக் கடனுக்கு ஜாமீன் போட்டிருந்தாலோ, அவர் சொல்வது கேட்காத அறிவுரை அல்ல. பணம் போட்டவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. அப்போது “இந்தப் பேச்சு வேணாம்” என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு பேட்ச் விற்றதும் நீங்களே கணக்கை அனுப்பிவிடுங்கள், அவர் கேட்பதற்கு முன்னால்.

அம்மாவிடமும் ஒன்று சொல்லி வைக்க வேண்டும். மாமா நேராகப் பேச முடியாதபோது அவர் வழியாகத்தான் வருவார். “அண்ணன் ரொம்ப வருத்தப்படுதுடா” என்று அம்மா ஆரம்பித்தால், அம்மாவிடம் பதில் சொல்லி அனுப்பாதீர்கள். “மாமாகிட்ட நானே பேசிக்கறன்மா” என்று அன்று மாலையே போன் போட்டு விடுங்கள். தூது போகும் வார்த்தை போய்ச் சேரும்போது அப்படியே இருக்காது.

அவரை ஒருமுறை தருமபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டுக்கு ஏலம் பார்க்கக் கூட்டிப்போவதும் நல்லது. ஷெட்டுக்குள் கூப்பிடுவதைவிட இது மேல். வெளியாள் உள்ளே வருவது நோய்க்கு வழி, சுண்ணாம்பை மிதித்துவிட்டு வாங்க மாமா என்று அவரிடம் சொல்லவும் சங்கடமாக இருக்கும். மார்க்கெட்டில் உங்கள் கூட்டுக்கு நாலு பேர் விலை கேட்பதை அவர் கண்ணால் பார்க்கட்டும். ஆனால் நாளைப் பார்த்துக் கூப்பிடுங்கள். புழு கூடு கட்டும்போது விடாமல் மழை பெய்திருந்தால் அந்தக் கூட்டில் நூல் சரியாக வராது, விலையும் இறங்கும். அந்தப் பேட்ச்சை நீங்கள் தனியாகவே விற்றுவிட்டு வந்துவிடுங்கள். சீட்டை மட்டும் மறக்காமல் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.